நட்டம் எந்த ஆண்டில் நேர்ந்தது?

கோவையில் பம்புசெட்டுகளுக்குத் தண்டு கடைந்து கொடுக்கும் ஒரு சிறு கம்பெனி. 2025 செப்டம்பர் 30 அன்று தன் சிஎன்சி லேத் ஒன்றை விற்கிறது. வாங்கியவர் கொடுத்த விலை 12,50,000 ரூபாய். கழற்றி லாரியில் ஏற்றிவிட 20,000 செலவாகிறது. கையில் நின்றது 12,30,000. அன்று மாலை கணக்காளர் பதிவேட்டைத் திறந்து, இந்த விற்பனையில் 2,50,000 ரூபாய் நட்டம் என்று எழுதுகிறார்.

முதலாளிக்குப் புரியவில்லை. அந்த வயது லேத்துக்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் விற்றிருக்கிறார். அன்று அவர் ஒன்றையும் இழக்கவில்லை. அப்படியானால் இந்த இரண்டரை லட்சம் எங்கே போனது, எந்த நாளில் போனது? இதற்குப் பதில் நிலைச்சொத்துப் பதிவேட்டில் அந்த லேத்துக்கென இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. கம்பெனியும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. விதிகள் இந்தியக் கம்பெனிகள் இன்று பின்பற்றுபவை.

ஓர் இயந்திரத்தின் விலை எது?

அந்தக் கம்பெனி ஒரே நாளில் ஒரே மாதிரி லேத் இரண்டை வாங்கியது. பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிப் பக்கம். பேரேட்டில் ‘இயந்திரங்கள்’ என்ற ஒரே தலைப்பில் எல்லாம் சேர்ந்து ஒரு மொத்தமாக நிற்கும். எது எப்போது வந்தது, எந்தக் கூடத்தில் இருக்கிறது, எவ்வளவு தேய்ந்தது என்பதைப் பதிவேடுதான் பிரித்துச் சொல்லும். நாம் பார்க்கப்போவது முதல் லேத்தின் பக்கம்.

விலைப்பட்டியலில் 20,00,000. தள்ளுபடி 1,00,000 போக 19,00,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,42,000. இந்த வரியைக் கம்பெனி உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டு, தான் விற்கும் சரக்கின் வரியில் கழித்துக்கொள்கிறது. திரும்பி வரும் பணம் விலையாகாது. எனவே அது லேத்தின் மதிப்பில் சேராது. வரி வரவையும் எடுத்துவிட்டு, அதே வரித்தொகையை லேத்தின் விலையில் சேர்த்து வருமான வரிக்காகத் தேய்மானமும் காட்டினால், ஜிஎஸ்டி சட்டம் அந்த வரவை மறுத்துவிடும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

ஆனால் 19,00,000 ரூபாய்க்கு ஓடுகிற லேத் கிடைத்துவிடவில்லை. பெங்களூரிலிருந்து கொண்டுவர லாரி வாடகை 28,000. கிரேன் வைத்து இறக்க 12,000. அதிர்வைத் தாங்கும் கான்கிரீட் அடித்தளம் 60,000. தனி மின்கம்பி இழுத்து ஸ்டெபிலைசர் பொருத்த 75,000. நிறுவிக் கொடுத்த பொறியாளருக்கு 15,000. அளவு சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்கக் கடைந்த இரும்புத் தண்டுகள் 14,000. சோதனையில் விழுந்த கழிவை விற்று வந்த 4,000 போக அதில் நிகரச் செலவு 10,000. எல்லாம் கூட்டினால் 21,00,000. லேத்தின் பக்கத்தில் ஏறும் தொகை இதுதான்.

இந்தச் செலவுகள் உள்ளே வர ஒரே அளவுகோல்தான். இயந்திரத்தை உரிய இடத்துக்குக் கொண்டுவந்து, உரிய வேலையைச் செய்யத் தயார்நிலையில் வைக்க நேரடியாகத் தேவைப்பட்ட செலவா? ஆம் என்றால் அது இயந்திரத்தோடு சேரும். இல்லையென்றால் அந்த ஆண்டின் செலவாகவே போய்விடும்.

வாசலில் நிறுத்தப்பட்டவற்றைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆபரேட்டர்களுக்குக் கொடுத்த பயிற்சி 18,000 சேராது. கற்ற வித்தை ஆளோடு இருக்கிறது, அவர் நாளையே வேறு பட்டறைக்குப் போகலாம். கிரேன்காரரின் கவனக்குறைவால் நசுங்கிய கதவைச் சரிசெய்ய ஆன 9,000 சேராது. அந்த விபத்து நடக்காமலே லேத் ஓடியிருக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கொடுத்த 40,000 லேத்தை ஓடும் நிலையில் வைத்திருக்கிறதே தவிர, அந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. அதுவும் சேராது.

இந்தப் பிரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2002இல் உலகம் பார்த்தது. வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம், பிற நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்தக் கொடுத்த வாடகை போன்ற அன்றாடச் செலவுகளைச் சொத்தாக எழுதியிருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் முதலில் வெளிவந்த தொகையே 380 கோடி டாலர். கொடுத்த பணம் கொடுத்ததுதான். ஆனால் அது செலவுப் பக்கத்தில் விழாமல் சொத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதால், நட்டம் காட்டவேண்டிய நிறுவனம் லாபம் காட்டியது. ஒரு செலவைச் சொத்தாக்கினால் அது மறைந்துபோவதில்லை. பின்வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

ஆயுளை எண்ணுவது

சரியாகச் சேர்ந்த 21,00,000 ரூபாயும் அப்படித்தான் வருங்காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. லேத் எத்தனை ஆண்டுகள் தண்டு கடைந்து கொடுக்கிறதோ அத்தனை ஆண்டுகளும் தத்தம் பங்கை ஏற்கவேண்டும். அந்தப் பங்குதான் தேய்மானம். ஒவ்வோர் ஆண்டும் சந்தையில் லேத்தின் விலை எவ்வளவு குறைந்தது என்பதை அது அளப்பதில்லை. போட்ட பணத்தைப் பலன் பெற்ற ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

இந்தச் சிந்தனை ஆலைகளின் காலத்துக்கு வெகு முந்தியது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், இரு வீடுகளுக்குப் பொதுவான சுவரை எப்படி மதிப்பிட்டார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். உடைகல் வைத்துக் கட்டிய சுவருக்குக் கட்டிய செலவை எடுத்துக்கொண்டு, கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் எண்பதில் ஒரு பங்கைக் கழித்தார்கள். அத்தகைய சுவர் எண்பது ஆண்டுக்கு மேல் நிற்காது என்பது அவர்கள் கணிப்பு. செங்கல் சுவர் சாயாமல் நேராக நின்றால் ஒன்றும் கழிக்கவில்லை. ஒரு பொருள் எப்படி மூப்படைகிறது என்று முதலில் முடிவு செய்து, அதன் பிறகே எண்ணுக்கு வந்தார்கள்.

நம் லேத்துக்கும் முதலில் ஆயுளை முடிவு செய்யவேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணை, பொதுவகை இயந்திரங்களுக்கு ஒரு ஷிப்டு ஓட்டத்தில் 15 ஆண்டுகள் என்கிறது. இரண்டு ஷிப்டு ஓடும் காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கூடும். ஆயுள் முடிவில் மிஞ்சும் எச்ச மதிப்பு வழக்கமாக விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கம்பெனி எச்ச மதிப்பை 1,00,000 என்று வைத்தது. மீதி 20,00,000. அதைப் பதினைந்தால் வகுத்து, இந்த லேத் இரண்டு ஷிப்டு ஓடுவதால் ஒன்றரை மடங்காக்கினால் ஆண்டுக்குச் சரியாக 2,00,000 வருகிறது. இரண்டு ஷிப்டும் தொடர்ந்து ஓடினால், லேத் பத்து ஆண்டில் தன் கணக்கை முடித்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை என்பதால் இது நேர்க்கோட்டு முறை.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் பலர் தடுமாறுவார்கள். விலைப்பட்டியல் 2021 ஜூலையில் வந்தது. லேத் ஆகஸ்டில் இறங்கியது. அடித்தளம் இறுகி, சோதனை முடிந்து, வேலைக்குத் தயாரானது அக்டோபர் 1. தேய்மானம் தொடங்குவது அந்த அக்டோபர் 1இல்தான். அதுவரை சேர்ந்த செலவுகள் நடப்பிலுள்ள மூலதனப் பணி என்ற தனிக் கணக்கில் காத்திருக்கும். தயாரான பிறகு ஆர்டர் இல்லாமல் லேத் சும்மா நின்றாலும் தேய்மானம் நிற்காது. கூடுதல் ஷிப்டுக்கான ஐம்பது சதவீதம்தான் அந்த நாட்களுக்கு வராது.

நடுவில் வந்த இரண்டு செலவுகள்

2023இல் லேத்துக்கு இரண்டு பில்கள் வந்தன. முதலாவது, ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்து சத்தம் போட்டதால் மாற்ற ஆன 45,000. இரண்டாவது, இரும்புக் கம்பியைத் தானே உள்ளே செலுத்தும் பார் ஃபீடர், 2,40,000. அது அக்டோபர் 1 அன்று பொருத்தப்பட்டது.

பேரிங் மாற்றியதால் லேத் முன்பு இருந்த நிலைக்குத் திரும்பியது. அது பழுதுபார்ப்பு, அந்த ஆண்டின் செலவாகப் போனது. பார் ஃபீடரோ, முன்பு ஆள் நின்று செய்த வேலையை லேத்தே செய்யும்படி ஆக்கியது. இனிவரும் ஆண்டுகளுக்கும் பலன் தரும் புதிய திறன் அது. அதனால் அது அதே லேத்தின் எண்ணுக்குக் கீழே, தன் சொந்தத் தேதியோடு ஒரு துணைவரியாக ஏறியது. லேத்துக்கு மிச்சம் எட்டு ஆண்டுகள். ஃபீடரின் விலையையும் அந்த எட்டுக்குள் பரப்பினால் ஆண்டுக்கு 30,000.

துணைவரி போடாமல் லேத்தின் தொகையோடு கலந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு ஆண்டே ஆன ஃபீடரும் நான்கு ஆண்டு ஆனதாகத் தோற்றமளிக்கும். நாளை ஃபீடரை மட்டும் கழற்றி விற்றால், அதன் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்லமுடியாது.

இப்போது பக்கம் முழுவதையும் பார்க்கலாம்.

| காலம் | சேர்ந்த தொகை | தேய்மானம் | ஏட்டு மதிப்பு |
|---|---|---|---|
| 2021–22 (6 மாதம்) | 21,00,000 | 1,00,000 | 20,00,000 |
| 2022–23 | – | 2,00,000 | 18,00,000 |
| 2023–24 | 2,40,000 | 2,15,000 | 18,25,000 |
| 2024–25 | – | 2,30,000 | 15,95,000 |
| 2025–26 (6 மாதம்) | – | 1,15,000 | 14,80,000 |

மொத்தம் போட்டது 23,40,000. நான்கு ஆண்டுகள் ஏற்றுக்கொண்டது 8,60,000. இன்னும் எந்த ஆண்டின் தலையிலும் ஏறாமல் மிஞ்சி நிற்பது 14,80,000. கடைசி வரியைக் கவனியுங்கள். விற்ற நாள் வரையிலான ஆறு மாதத் தேய்மானத்தையும் எழுதிய பிறகே ஏட்டு மதிப்பு எடுக்கப்பட்டிருக்கிறது. இதை மறந்து மார்ச் மாத மதிப்பான 15,95,000த்தை எடுத்தால், நட்டம் 1,15,000 கூடுதலாகத் தெரியும். ஆறு மாதம் வேலை வாங்கியதற்கான செலவு விற்பனை நட்டமாக வேடம் மாறிவிடும்.

விற்ற நாளில் நடப்பது

கணக்காளர் செய்தது எளிய கழித்தல். கையில் நின்றது 12,30,000; ஏட்டு மதிப்பு 14,80,000; குறை 2,50,000. இப்போது வேறொரு பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேத்துக்காகக் கம்பெனி போட்டது 23,40,000. திரும்ப எடுத்தது 12,30,000. நான்கு ஆண்டு லேத்தைப் பயன்படுத்தியதற்கு ஆன உண்மையான செலவு 11,10,000. இதில் 8,60,000 ஏற்கெனவே தேய்மானமாக எழுதப்பட்டுவிட்டது. எழுதாமல் விட்டது 2,50,000.

அதே கம்பெனி குறைந்து செல் மதிப்பு முறையைப் பின்பற்றியிருந்தால் கதை தலைகீழாகும். அந்த முறையில் ஒவ்வோர் ஆண்டும் மிச்சமுள்ள மதிப்பில் ஒரு நிலையான சதவீதம் கழியும். முதல் ஆண்டுகளில் பெருந்தொகையும் பின்னால் சிறுதொகையும் போகும். பத்து ஆண்டில் அதே 1,00,000 எச்ச மதிப்புக்கு லேத் வந்துசேர, ஆண்டுக்குச் சுமார் 26 சதவீதம் கழிக்கவேண்டும். அப்படிக் கழித்திருந்தால் நான்கு ஆண்டுகளில் ஃபீடரையும் சேர்த்துத் தேய்மானம் சுமார் 15,70,000 ஆகியிருக்கும். ஏட்டு மதிப்பு 7,70,000. அதே லேத்தை, அதே நாளில், அதே ஆளுக்கு, அதே விலைக்கு விற்றதில் 4,60,000 லாபம்!

ஆனால் 15,70,000 தேய்மானத்தில் 4,60,000 லாபத்தைக் கழித்துப் பாருங்கள். மறுபடியும் 11,10,000. நேர்க்கோட்டு முறையில் 8,60,000த்தோடு 2,50,000 நட்டத்தைக் கூட்டினாலும் அதே 11,10,000. எந்த முறையைப் பிடித்தாலும், எந்த ஆயுளை ஊகித்தாலும், இயந்திரம் வந்த நாள் முதல் போன நாள் வரையிலான மொத்தச் செலவு மாறாது. போட்ட பணத்துக்கும் எடுத்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. முறைகள் அதை ஆண்டுகளுக்கிடையே முன்னும் பின்னும் நகர்த்த மட்டுமே முடியும். விற்கும் நாளில் எழுதும் லாப நட்டம், அதுவரை எழுதிய ஊகத்துக்கும் நடந்த உண்மைக்கும் இடையிலுள்ள பாக்கி.

முதலாளியின் கேள்விக்கு விடை இதுதான். இரண்டரை லட்சம் விற்ற நாளில் போகவில்லை. இந்த நான்கு ஆண்டுகளிலும் சராசரியாக ஆண்டுக்கு 62,500 என்று சிறிது சிறிதாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் காட்டிய லாபம் அந்த அளவுக்குக் கூடுதலாக இருந்தது. தண்டு ஒன்றுக்குக் கூலி பேசும்போதும் லேத் செலவைக் குறைத்தே கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஊகம் தெரிந்தே வளைக்கப்படலாம் என்பதற்கும் சான்று உண்டு. வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்கக் குப்பை அகற்றும் நிறுவனம், தன் குப்பை லாரிகளின் ஆயுளை நீட்டியும் எச்ச மதிப்பை உயர்த்தியும் ஆண்டுத் தேய்மானத்தைக் குறைத்துக் காட்டியதாக அந்நாட்டுப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2002இல் வழக்குத் தொடுத்தது. அதற்கு முன்பே, 1998இல், அந்த நிறுவனம் முந்தைய ஆண்டுகளின் லாபத்தில் 170 கோடி டாலரைக் குறைத்துத் திருத்தவேண்டி வந்திருந்தது.

வருமான வரி வேறு கணக்கு

வருமானவரித் துறைக்கு இந்த லேத்தின் தனிப் பக்கம் தேவையில்லை. ஒரே விகிதத்தில் தேயும் இயந்திரங்கள் எல்லாம் ஒரு தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, அந்தத் தொகுதியின் மிச்ச மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதம் கழிக்கப்படும். லேத்தை விற்றால் வந்த பணம் தொகுதியின் மதிப்பிலிருந்து குறையும். தொகுதியில் வேறு இயந்திரமும் மதிப்பும் மிஞ்சியிருக்கும்வரை, தனியொரு லேத்தில் லாபம் நட்டம் என்ற பேச்சே எழாது. அதனால் வரிக் கணக்கு போடும்போது இந்த 2,50,000 நட்டம் திரும்பக் கூட்டப்படும். கம்பெனித் தேய்மானத்தை நீக்கிவிட்டு வரிச்சட்டத் தேய்மானத்தை வைப்பார்கள்.

பேய் இயந்திரங்கள்

விற்பனை எழுதும்போது நேரும் பெரிய தவறு, வந்த 12,50,000த்தை இயந்திரக் கணக்கில் வரவு வைத்துவிட்டு அத்தோடு விட்டுவிடுவது. அப்போது பேரேட்டில் அந்த லேத்தின் பேரில் 10,90,000 விலையும், 8,60,000 சேர்ந்த தேய்மானமும் ஆளில்லாமல் நிற்கும். கூடத்தில் லேத் இல்லை. ஆனால் அடுத்த மார்ச்சில் அதற்கும் தேய்மானம் ஓடும். சரியான முறை, 23,40,000 விலையையும் 8,60,000 தேய்மானத்தையும் முழுதாக வெளியே எடுப்பது. வித்தியாசம் தானாகவே இலாப நட்டக் கணக்குக்குப் போகும்.

இத்தகைய பேய் இயந்திரங்களைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, பதிவேட்டுப் பக்கங்களின் விலைகளையும் தேய்மானங்களையும் தனித்தனியே கூட்டிப் பேரேட்டு மொத்தங்களோடு ஒப்பிடுவது. ஏட்டு மதிப்பை மட்டும் ஒப்பிட்டால், ஒரு பிழையை இன்னொரு பிழை மறைத்துவிடக்கூடும். இரண்டாவது, பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நடப்பது. பட்டியலிலிருந்து இயந்திரத்தைத் தேடினால், காணாமல்போனவை தெரியும். இயந்திரத்தின் மேலுள்ள எண் வில்லையிலிருந்து பட்டியலைத் தேடினால், எழுதாமல் விட்டவை தெரியும். இரண்டு திசையிலும் நடக்கவேண்டும். சிறு தனியார் கம்பெனிகள் போன்ற சில விலக்குகள் தவிர, பதிவேட்டில் எண்ணிக்கையும் இருக்கும் இடமும் முழுமையாக உள்ளனவா, நேரில் சரிபார்த்தார்களா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் சொல்லியாகவேண்டும்.

இரண்டாவது லேத்

விற்ற லேத்தின் பக்கத்தில் கோடிழுத்தாகிவிட்டது. ஆனால் அதனுடன் வந்த இரண்டாவது லேத் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஃபீடர் இல்லை. அதன் ஏட்டு மதிப்பு 13,00,000. மிச்ச ஆயுள் ஆறு ஆண்டுகள் என்று பக்கம் சொல்கிறது. முதல் லேத்தில் தவறிய ஊகம்தான் இதிலும் இருக்கிறது.

கணக்கு விதிகள் ஆயுளையும் எச்ச மதிப்பையும் ஆண்டு முடிவில் மறுபரிசீலனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். கூடத்துப் பொறியாளர் லேத்தைச் சோதித்து, இது நான்கு ஆண்டுதான் துல்லியமாகக் கடையும் என்று எழுதிக் கொடுத்தால், எச்ச மதிப்பு 1,00,000 போக மிச்சமுள்ள 12,00,000 நான்கால் வகுக்கப்படும். இனி ஆண்டுக்கு 2,00,000க்குப் பதில் 3,00,000. அட்டவணையிலிருந்து விலகும் காரணத்தையும் அதற்கான தொழில்நுட்ப ஆதாரத்தையும் நிதிநிலை அறிக்கையில் சொல்லவேண்டும். கடந்த ஆண்டுகளின் கணக்கைத் தொடவேண்டியதில்லை. அன்று தெரிந்ததை வைத்து அன்று செய்த ஊகம் அது.

கூடுதலாக ஏறும் அந்த ஒரு லட்சத்தை முதலாளி இனி ஒவ்வொரு தண்டின் கூலியிலும் பார்ப்பார். இரண்டாவது லேத் பட்டறையை விட்டுப் போகும் நாளில் எழுதவேண்டிய பாக்கி, அந்த அளவுக்குச் சிறியதாக இருக்கும்.